துவரையில் கூடும் ஓட்டையும்: படம் பார்த்துப் பதில்

கிருஷ்ணகிரியிலிருந்து: ஐயா, துவரையில் பூவும் மொட்டும் ஒட்டிக்கிட்டுக் கூடு மாதிரி இருக்கு, காயிலும் ஓட்டை. என்.பி.வி. வைரஸ் அடிச்சு ஒரு வாரமாச்சு, ஒரு புழுவும் சாகலை. மருந்து போலியா?

மருந்தைக் குறை சொல்ல வேண்டாம். மூன்றாவது படத்தில் கூட்டைப் பிரித்துக் காட்டினீர்களே, அதுதான் உதவியது. வெளிறிய புழு, முதுகில் வரிசையாகக் கரும்புள்ளிகள், கூட்டுக்குள் எச்சம். இது மருக்கா எனும் புள்ளிக் காய்ப்புழு. நீங்கள் அடித்தது பச்சைக் காய்ப்புழுவுக்கான வைரஸ்; மருக்காவை அது ஒன்றும் செய்யாது.

காய் கொத்துக்கொத்தாக நுனியில் பிடிக்கும் குறுகிய கால ரகங்களில், மேகமூட்டம் நீடித்தால் இது கூடுதலாக வரும். கூடு கட்டியபின் மருந்து உள்ளே போவது கடினம். அதனால் எட்டும் கூடுகளை முதலில் பறித்து அழியுங்கள். பிறகு எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி ஏக்கருக்கு 88 கிராம், பூங்கொத்து நன்றாக நனையும்படி, மாலையில் அடியுங்கள். அதன்பின் 14 நாள் காய் பறிக்கக் கூடாது. பச்சைக் காயாக விற்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொருவர்: அண்ணா, எனக்குக் கூடே இல்லை. காயில் வட்டமா பெரிய ஓட்டை, புழுவைக் காணோம். பொறியில் அந்துப்பூச்சி விழுது. இதுவும் மருக்காவா?

இல்லை, இது பச்சைக் காய்ப்புழு. தலையை மட்டும் காய்க்குள் நுழைத்து, உடம்பை வெளியே விட்டுத் தின்னும். ஒரு காய் முடிந்ததும் அடுத்ததற்குப் போய்விடும். அதனால்தான் வெறும் ஓட்டை கிடைக்கிறது. காலையில் வெயில் ஏறுமுன் பாருங்கள். கண்ணில் படுவது சின்னப் புழுவாக இருந்தால் அந்த வைரஸ் உங்களுக்குத்தான் பொருந்தும். பெரிய புழு சாக நாளாகும், அதற்குள் காயைத் தின்றுவிடும். பொறியில் பூச்சி விழுந்ததற்காக மட்டும் மருந்தடிக்க வேண்டாம், செடியில் புழுவைத் தேடுங்கள்.

கோவைப் பக்கம், கொண்டைக்கடலை: செடியில் நூலாம்படை. சிலந்திதான், நல்லது, விட்டுடலாம்னு வீட்டில் சொன்னேன். சரிதானே?

பாதி சரி. சிலந்தி என்றால் விட்டுவிடலாம். ஆனால் நூலுக்குள் இலை சுரண்டி வெளுத்து, பொடி எச்சம் இருந்தால் அது இளம்புழுக்களின் வேலை. உங்கள் படம் தூரத்தில் எடுத்தது, அதை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். நூலைப் பிரித்து, கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். காயில் ஓட்டை இருந்தால் அது தனிக் கணக்கு: வரிசைகளுக்கு நடுவே துணி விரித்துச் செடியை உலுக்குங்கள். ஒரு மீட்டர் வரிசைக்கு ஒரு பச்சைக் காய்ப்புழு விழுந்தாலே மருந்தடிக்கும் நேரம்தான்.

வேறொருவர்: எங்க டப்பாவில் இருக்கிற துவரையிலும் ஓட்டைங்க. என்ன அடிக்கலாம்?

அது காய்ப்புழு இல்லைம்மா, பயறு வண்டு. பருப்பின் மேல் வெள்ளைப் பொட்டாக ஒட்டியிருப்பது அதன் முட்டை. சாப்பிடும் பொருளில் எதையும் அடிக்காதீர்கள். ஓட்டை விழுந்ததைப் பிரித்தெடுத்து, மீதியை நல்ல வெயிலில் காயவைத்து இறுக மூடுங்கள்.