"நல்லா இருக்கேன்" என்பது பொய்யா?

என் கணவருக்கு வேலை போய் நாலு மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு கல்யாணத்தில் யார் கேட்டாலும் "நல்லா இருக்கோம்" என்று சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒன்பது வயது மகள், "ஏம்மா எல்லார்கிட்டயும் பொய் சொன்னே?" என்றாள். சொந்த அக்காவிடமும் போனில் இதையேதான் சொல்கிறேன். நான் ஏன் இப்படி ஆனேன்?
– ஒரு வாசகி, மதுரை

அன்புச் சகோதரிக்கு,

கல்யாண மண்டபத்தில், பந்திக்கு நகர்ந்துகொண்டே ஒருவர் "எப்படி இருக்கே?" என்கிறார். நீங்கள் "கஷ்டமா இருக்கு" என்றால் அவர் நின்றாக வேண்டும், "என்னாச்சு?" என்றாக வேண்டும். நீங்களும் அங்கேயே, நாலு பேர் காதில் விழ, முழுக் கதையையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க சமூகவியலாளர் ஹார்வி சாக்ஸ் 1975-இல் வெளியான ஒரு கட்டுரையில் இதைத்தான் அலசினார். துயரச் செய்தியை யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்று நமக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் நலம் விசாரிப்பவரோ எவராகவும் இருக்கலாம். அதனால் இந்தப் பொய் எல்லோருக்குமே தேவைப்படுகிறது என்றார். கட்டுரையின் தலைப்பே ஏறக்குறைய அதுதான்.

நம் பழைய இன்லண்ட் லெட்டரை நினைத்துப் பாருங்கள். "இங்கு அனைவரும் நலம்" என்று தொடங்கி, நாலாவது வரியில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக வரும். படித்தவர் யாரும் முதல் வரியைப் பொய் என்று சண்டைக்கு வந்ததில்லை.

ஆகவே மண்டபத்தில் சொன்னதை விடுங்கள். எனக்கு உறுத்துவது அக்காவிடம் சொன்னது. சாக்ஸ் சொன்ன அந்தக் கணக்கில் அவர் முதல் ஆளாயிற்றே! அவரிடமும் அதே பதில் என்றால், அது மரியாதைக்காக அல்ல. சொன்னால் பணம் கேட்பதாக நினைப்பாரோ, கணவரைக் குறைவாக எண்ணுவாரோ என்ற பயமாக இருக்கலாம். மரியாதையா, மறைப்பா என்பதை ஒரு சோதனையில் பிரித்துவிடலாம். பேச்சு முடிந்ததும் "அப்பாடா" என்றிருந்தால் அது வெறும் நாகரிகம். போனை வைத்ததும் தனிமை கூடினாலோ, அடுத்த முறை அவர் பெயரைப் பார்த்ததும் எடுக்கத் தயங்கினாலோ அது மறைப்பு.

அக்காவிடம் இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "அக்கா, பத்து நிமிஷம் பேசணும். பணம் கேட்கலை, வழியும் சொல்ல வேண்டாம். கேட்டாப் போதும்." என்ன வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்பவருக்குப் பதற்றம் குறையும். கணவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அது அவருடைய செய்தியும்கூட. மற்றவர்களுக்கு "ஏதோ ஓடுது" போதும். அதில் பொய் இல்லை. மேலே கேட்க விரும்புபவர் கேட்பார்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அவரிடம் மட்டும் "நல்லா இருக்கேன்" வேண்டாம்.

மகள் கேட்டது நியாயமான கேள்வி. "அங்கே சொல்ல வேண்டாம்னு நினைச்சேன். பெரியம்மாகிட்ட சொல்லப் போறேன்" என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு, சொல்லிவிட்டேன் என்றும் அவளிடம் சொல்லுங்கள்.