அரிசி மூட்டைக்குப் பின்னாடி வயலின்காரர்

கேள்வி: குறும்படத்துக்கு ஒரு சீன் எழுதியிருக்கேன். வயசான மாமா கடைக்காரர் கடைசி தடவையா கடைய மூடுறார். வசனமே இல்ல, எல்லாம் காட்சிதான். கண்ணீரோட ஷட்டர இழுக்கிறார், பின்னணியில வயலின். ஆனா படிச்சவங்க யாருக்கும் ஒட்டல. எங்க தப்பு? (வாசகர், ஈசூன்)

பதில்: வந்துட்டாரா வயலின்காரர்! நம்ம ஊர் குறும்படத்துல ஒரு தாத்தா தனியா நின்னாப் போதும், இவர் எங்கிருந்தோ வந்துடுறார். எனக்கும் இவருக்கும் ரொம்ப நாள் பகை. இந்த சீன்ல எங்கதான் உக்காந்திருக்கார், அரிசி மூட்டைக்குப் பின்னாடியா? கடைக்குக் கணக்கு பாக்கி வச்சிருக்காரா, அதக் கழிக்கத்தான் வாசிக்கிறாரா? கடைக்காரர் ஷட்டர இழுத்துப் பூட்டினா இவர் உள்ளயே மாட்டிக்குவாரே, காலையில யார் வந்து திறப்பா, கடைதான் இனி திறக்காதே!

சரி, விஷயத்துக்கு வர்றேன். வயலினும் கண்ணீரும் ஒரே வேலையத்தான் செய்யுது, பாக்குறவன் அழுறதுக்கு முன்னாடியே இவங்க அழுதுடுறாங்க, அப்புறம் அவனுக்கு என்ன வேலை? ரஷ்யாவுல குலெஷோவ்னு ஒரு பட இயக்குநர் 1920கள் வாக்குல ஒரு நடிகரோட சலனமே இல்லாத ஒரே முகத்த சூப் கிண்ணத்தோட ஒட்டினார், சவப்பெட்டியோடயும் ஒட்டினார். பாத்தவங்க ஒண்ணுல பசி தெரியுது, இன்னொண்ணுல துக்கம் தெரியுதுன்னாங்களாம். அதனால உங்க தாத்தா முகத்த விடுங்க, அவர் எதப் பாக்குறார்னு எழுதுங்க.

எத எழுதுறது? பழைய மளிகைக்கடைக்குள்ள மேல பாருங்க, கப்பியில கயிறு போட்டு ஒரு மைலோ டின் தொங்கும், அதான் கல்லா. கயித்தோட மறுமுனையில ஒரு எடை கட்டியிருக்கும், டின்ன இழுத்து காசப் போட்டு விட்டா தானா மேல போகும், ஆனா சில்லறை கனத்தால கைக்கு எட்டுற உயரத்துலயே நின்னுடும். ராத்திரி நோட்டெல்லாம் எடுத்துக்கிட்டு, காலையில முதல் ஆளுக்கு மீதி கொடுக்க சில்லறைய மட்டும் டின்லயே விட்டுட்டுப் போறார்னு வச்சுக்குங்க. உங்க சீன் மொத்தமும் அந்தச் சில்லறையிலதான் இருக்கு. இப்படி எழுதிப் பாருங்க:

உள் - மளிகைக்கடை - இரவு

பாதி காலியான அலமாரி. டியூப்லைட் சத்தம்.

ஒரு கை மைலோ டின்ன கீழ இழுக்குது. நோட்டுங்க சட்டைப் பைக்குள்ள போகுது.

கை டின்ன விடப் போகுது. நிக்குது. திரும்ப உள்ள நுழையுது.

சில்லறை ஒவ்வொண்ணா கண்ணாடி மேசையில விழுது. கடைசியா ஒரு 1 காசு.

கை டின்ன விடுது. டின் விர்ருனு மேல ஏறி கப்பியில இடிக்குது.

பெரியவர் அண்ணாந்து பாக்குறார். கை நீட்டுறார். எட்டல.

அவ்வளவுதான். ‘மனசுல நாப்பது வருச நினைவு ஓடுது’ன்னு உங்க பேப்பர்ல இருக்கும்னு நினைக்கிறேன், அத எந்த கேமராவாலயும் எடுக்க முடியாது, அடிச்சிடுங்க. 1 காசு நாணயம் வெளியிடுறத 2002லயே நிறுத்திட்டாங்க, அது இன்னும் டின் அடியில கிடக்குதுன்னா கடைக்கு எவ்வளவு வயசுன்னு யாரும் வசனம் பேச வேண்டாம்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. இத மட்டும் தனியா காட்டினா ஒருத்தருக்கும் புரியாது, ஏதோ டின் மேல போச்சு, அவ்வளவுதான். தினமும் அவர் சில்லறைய விட்டுட்டுப் போறவர்னு முன்னாடியே ஒரு தடவ காட்டணும், அதுவும் அழுத்தம் கொடுக்காம, ஒரு பிள்ளை மிட்டாய் வாங்குற அவசரத்துக்கு நடுவுல. டின் அப்போ கைக்கு எட்டுற உயரத்துல நிக்கணும், ஏன்னா உள்ள சில்லறை கனம் இருக்கு. சரியா வந்துச்சான்னு பாக்க, கதைய சொல்லாம அந்த ரெண்டு சீன மட்டும் ஒருத்தர்கிட்ட கொடுங்க. ‘நாளைக்குக் கடை இல்லயா?’ன்னு அவரே கேட்டா சரி. ‘டின் ஏன் மேல போச்சு?’ன்னு கேட்டா முதல் சீன திரும்ப எழுதுங்க. கடன் எழுதுற 555 நோட்டு, கிழிக்காத கேலண்டர், காலி பிஸ்கட் டின் எல்லாத்தையும் சேர்க்கத் தோணும், எனக்கும் தோணுச்சு. வேண்டாம், டின்னு யார் கண்ணுலயும் படாமப் போயிடும்.

ஒரு பக்கம்னா ஒரு நிமிசம்னு சொல்ற கணக்க நம்பி படப்பிடிப்புக்கு நேரம் ஒதுக்காதீங்க, அது வசனம் நிறைஞ்ச பக்கத்துக்குத்தான் ஓரளவு சரிப்படும். மேல இருக்கிறது அரைப் பக்கம்கூட வராது, ஆனா அவசரப்படாம எடுத்தா ஒண்ணரை நிமிசம் ஓடும்.

அப்புறம், கடை புளோக் கீழதான்னா, கடைக்காரர் சரின்னுட்டார்னு வாய்ட் டெக்ல ஸ்டாண்ட விரிச்சிடாதீங்க, அந்த இடத்துக்கு டவுன் கவுன்சில்கிட்ட முன்னாடியே கேக்கணும். வயலின்காரருக்கும் சேர்த்துக் கேட்டா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.