பாதி ஆப் எம்விபி ஆகுமா?

"செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு ஆப்பைப் பாதி முடித்து எம்விபி என்று காட்டினோம். 'இது எம்விபியே இல்லை' என்கிறார் பேராசிரியர். ஏன்?"

அவர் சொல்வது சரிதான். எம்விபி, அதாவது 'மினிமம் வயபிள் ப்ராடக்ட்', என்பது ஒரு சோதனை. எந்த அனுமானம் பொய்த்தால் தொழிலே விழுமோ, அதைக் குறைந்த செலவில் உரசிப் பார்ப்பது.

1999-இல் நிக் ஸ்வின்மர்ன், பின்னாளில் ஸாப்போஸ் ஆன இணைய ஷூ கடையைச் சரக்கே இல்லாமல் தொடங்கினார். ஷூ கடைகளில் படமெடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்தால் அங்கேயே முழு விலைக்கு வாங்கி அனுப்பினார். லாபம் பார்க்க முடியாத ஏற்பாடுதான். ஆனால் 'போட்டுப் பார்க்காமல் ஷூ வாங்குவார்களா?' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. கருத்துக்கணிப்பில் இது கிடைக்காது. "வாங்குவேன்" என்று சொல்ல யாருக்கும் காசு செலவில்லை.

பாடத்தில் இதை வற்புறுத்தக் காரணம், உங்களைப் போலவே பல குழுக்கள் செமஸ்டர் முழுக்க கோடிங் செய்துவிட்டு, கடைசி வாரத்தில்தான் வாடிக்கையாளரைப் பார்க்கிறார்கள். ஆப்பை ஓரமாக வையுங்கள். அந்தச் சேவையைக் கையாலேயே செய்து கொடுங்கள். '20 பேரிடம் கேட்டால் 5 பேராவது முன்பணம் தர வேண்டும்' என்பதுபோல ஓர் எல்லையை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பிறகு எழுதினால் எந்த முடிவும் வெற்றியாகத் தெரியும். நண்பர்களை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள், அவர்கள் முகதாட்சண்யத்துக்கே வாங்குவார்கள்.