கிராஸ் ஸ்டிச் சார்ட்டில் உள்ள குறிகளை எப்படிப் படிப்பது?

கேள்வி: கிராஸ் ஸ்டிச்சில் கிளி போடலாம் என்று ஒரு சார்ட் வாங்கினேன். போட்டோ இணைத்திருக்கிறேன். கட்டம் கட்டமாக /, o, +, புள்ளி, கறுப்புக் கட்டம் என்று ஏதேதோ இருக்கிறது. நெட்டில் தேடினால் o என்றால் நூலை ஊசியில் சுற்ற வேண்டும், / என்றால் இரண்டை ஒன்றாக எடுக்க வேண்டும் என்று வருகிறது. ஒவ்வொரு குறிக்கும் ஒரு தையலா? நான் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன், கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்:

நீங்கள் நெட்டில் பார்த்தது ஸ்வெட்டர் பின்னுகிறவர்களின் அட்டவணை. கம்பளி நூல் பின்னலில் o, / எல்லாம் ஊசியை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் குறிகள். உங்களிடம் இருப்பது கிராஸ் ஸ்டிச் சார்ட். இதில் தையல் ஏறக்குறைய எல்லாக் கட்டத்திலும் ஒன்றேதான், ஒரு பெருக்கல் குறி. கட்டத்துக்குள் இருக்கும் குறி எந்த நிற நூலில் அதைப் போட வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. இந்தக் குறிகளுக்குப் பொதுவான அகராதி கிடையாது. உங்கள் கிளியில் / பச்சை என்றால் இன்னொருவர் வரைந்த ரோஜாவில் அதே / இளஞ்சிவப்பாக இருக்கலாம். அதனால் எந்த சார்ட்டானாலும் முதலில் ஓரத்திலோ அடியிலோ இருக்கும் நிறப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

உங்கள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டியலில் குறி, அதற்கு எதிரே டிஎம்சி நூல் எண், அப்புறம் நிறத்தின் பெயர் இருக்கிறது. / என்பது 702, உடம்பின் பச்சை. + என்பது 699, இறக்கையின் கரும்பச்சை. o என்பது 321, அலகின் சிவப்பு. கறுப்புக் கட்டம் 310, கறுப்பு. புள்ளி பிளாங்க், அதாவது வெள்ளை. நம் ஊர்க் கடைகளில் ஆங்கர் நூல்தான் சுலபமாகக் கிடைக்கும். அதற்கு எண்கள் வேறு. 310-க்கு 403, 702-க்கு 226, 699-க்கு 923, 321-க்கு 9046, பிளாங்க்குக்கு 2 என்று கேளுங்கள். இவை நெருக்கமான நிறங்களே தவிர அச்சு அசல் இல்லை. அதனால் ஒரே படத்தில் பாதி டிஎம்சி, பாதி ஆங்கர் என்று கலக்காமல் ஒரே கம்பெனியில் வாங்குவது நல்லது. சார்ட்டில் அச்சாகியிருக்கும் பச்சையைக் கடைக்காரரிடம் காட்டி நூல் எடுக்கவும் வேண்டாம். அந்த நிறம் பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும், எண் மாறாது.

இப்போது கண் இருக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். உங்கள் படத்தில் இது இப்படி இருக்கிறது:

```
|   |   | / | / | / | / |
|   | o | / | · | / | / |
| o | o | · | ■ | · | / |
| o |   | / | · | / | + |
|   |   | + | / | / | + |
```

மூன்றாவது வரிசையை இடமிருந்து படியுங்கள். சிவப்பு இரண்டு, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, பச்சை ஒன்று. அந்தக் கறுப்புதான் கண்மணி, அதைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளை. புதிதாகச் செய்கிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். புள்ளி உள்ள கட்டமும் காலிக் கட்டமும் ஒன்றில்லை. புள்ளி இருந்தால் வெள்ளை நூலால் தைக்க வேண்டும், காலியாக இருந்தால் துணியை அப்படியே விட வேண்டும். துணியே வெள்ளையாக இருக்கும்போது எதற்கு வெள்ளைத் தையல் என்று தோன்றும். ஆனால் தைத்த வெள்ளை சற்று மேடாகப் பளபளக்கும், கண்ணுக்கு உயிர் வருவது அதில்தான். போட்டோவில் புள்ளி மங்கிப் போய்க் காலி மாதிரித் தெரிகிற இடங்கள் இரண்டு மூன்று இருக்கின்றன. அசல் தாளை வைத்துக்கொண்டு பென்சிலால் குறித்துவிடுங்கள்.

அடுத்து, சார்ட்டும் துணியும் எப்படிப் பொருந்துகின்றன என்பது. சார்ட்டின் ஒரு கட்டம் துணியில் ஒரு சின்னச் சதுரம். சார்ட்டில் கோடுகள் சந்திக்கும் மூலை துணியில் ஒரு துளை. ஊசி போய் வருவது துளையில்தான், சதுரத்தின் நடுவில் இல்லை. மேல் ஓரத்திலும் இடது ஓரத்திலும் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறது பாருங்கள், அவை நடுப்பகுதியைக் காட்டுகின்றன. உங்கள் படம் 60 கட்டம் அகலம், 84 கட்டம் உயரம். இரண்டும் இரட்டைப்படை என்பதால் நடு என்பது ஒரு கட்டமாக இருக்காது. 30-க்கும் 31-க்கும் இடையிலுள்ள கோடும் 42-க்கும் 43-க்கும் இடையிலுள்ள கோடும் சந்திக்கும் மூலை அது. துணியை நாலாக மடித்து, மடிப்புகள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள துளையில் குண்டூசி குத்திவிடுங்கள். அந்த மூலையும் இந்தத் துளையும் ஒன்று. அங்கிருந்து எண்ணத் தொடங்கினால் படம் துணியின் ஓரத்துக்கு நழுவிப் போகாது.

துணியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் சார்ட் உங்களுக்கு அளவு சொல்லாது, எண்ணிக்கைதான் சொல்லும். 14 கவுண்ட் ஐடா துணி என்றால் ஒரு அங்குலத்தில் 14 சதுரம். 60-ஐ 14-ஆல் வகுத்தால் அகலம் 4.3 அங்குலம், 84-ஐ வகுத்தால் உயரம் சரியாக 6 அங்குலம். ஃபிரேம் போட நாலு பக்கமும் மூன்று அங்குலம் விட்டால் 10.3-க்கு 12 அங்குலத் துணி வேண்டும். ஐடா கிடைக்காமல் மேட்டி துணி வாங்கினால் ஒரு ஸ்கேலை வைத்து எண்ணிப் பாருங்கள், அதுவும் நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை. சில மேட்டியில் ஒரு பக்கம் அங்குலத்துக்கு 11 சதுரமும் இன்னொரு பக்கம் 10 சதுரமும் இருக்கும். அதில் உங்கள் கிளி 5.5 அங்குல அகலத்துக்கு 8.4 அங்குலம் உயர்ந்து நிற்கும். 11 சதுரமே இரண்டு பக்கமும் இருந்திருந்தால் உயரம் 7.6 அங்குலம்தான். பூ டிசைனில் இது தெரியாது. வட்டமான தலையும் கண்ணும் இருக்கிற கிளியில் உடனே தெரியும். கடையில் எண்ணிப் பார்த்து வாங்குவதற்கு யோசிக்காதீர்கள்.

நூல் ஆறு இழையாகத் திரித்திருக்கும். 14 கவுண்ட் துணிக்கு அதிலிருந்து இரண்டு இழை பிரித்தெடுத்துக் கோர்க்க வேண்டும். மேட்டியில் சதுரம் பெரியது என்பதால் மூன்று இழை வைத்தால்தான் துணி மறையும்.

சார்ட்டை வரிசையாக மேலிருந்து கீழே படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு போட்டிருக்கிறார்கள் அல்லவா, அந்தப் பத்துக்குப் பத்துப் பெட்டியை ஒரு நேரத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு நிறத்தை முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள். மேலே உள்ள பகுதியில் முதல் வரிசையில் பச்சை நாலு சேர்ந்து வருகிறது. இடமிருந்து வலமாக நாலு சாய்வுக் கோடுகளை முதலில் போட்டு, திரும்பி வரும்போது அவற்றின் மேல் எதிர்ச்சாய்வு போடுங்கள். மேலே வரும் கோடு படம் முழுக்க ஒரே பக்கம் சாய வேண்டும். சாய்வு மாறிய தையல் வெளிச்சத்தில் வேறு நிறம் போலத் தெரியும், பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். கண்மணியின் கறுப்பு ஒற்றைத் தையலாக நிற்கிறது. அடுத்த கறுப்பு தூரத்தில் இருந்தால் நூலைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகாமல் அங்கேயே முடித்து வெட்டிவிடுங்கள். காலிக் கட்டங்களுக்குப் பின்னால் ஓடும் கறுப்பு நூல் முன்பக்கம் நிழல் மாதிரித் தெரியும்.

எண்ணிக்கை ஒரு கட்டம் தவறினால் அந்த இடத்திலேயே தெரியாது, இரண்டு நிறங்கள் சந்திக்கும்போதுதான் தெரியும். நடுவில் ஒரு சதுரம் காலியாக நிற்கும், அல்லது சிவப்பு போட வேண்டிய இடத்தில் பச்சை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அப்போது இரண்டில் எது தவறு என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. இதற்கு ஒரு வழி, தைக்கத் தொடங்குமுன் சாதாரணத் தையல் நூலில் பத்துச் சதுரத்துக்கு ஒரு கோடாகத் துணியில் நீள ஓட்டுத் தையல் போட்டுவிடுவது. சார்ட்டின் தடித்த கோடுகள் அப்படியே துணியில் வந்துவிடும், தவறு ஒரு பெட்டியைத் தாண்டாது. வெளிர் நிற நூலாக இருக்கட்டும், அதைக் குத்தித் துளைக்காமல் தையுங்கள். பிறகு உருவும்போது சுலபமாக வரும்.

அலகின் நுனியில் ஒரு கட்டம் குறுக்கே கோடு போட்டுப் பாதியாகப் பிரிந்து, ஒரு மூலையில் மட்டும் சின்ன o இருக்கிறது. அது முக்கால் தையல். ஒரு சாய்வை முழுதாகப் போடுங்கள், அது அந்தக் குறுக்குக் கோடு ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். அப்புறம் o இருக்கும் மூலையிலிருந்து சதுரத்தின் நடுவரைக்கும் பாதிச் சாய்வு. ஐடாவில் நடுவில் துளை இருக்காது, இந்த ஒரு தையலுக்கு மட்டும் கூர் முனை ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கெல்லாம் முனை மழுங்கிய ஊசிதான் சரி.

கிளியைச் சுற்றி ஓடும் கறுங்கோடுகள் கட்டங்களுக்கு மேல் வரைந்தவை. அவை பேக் ஸ்டிச். ஒரே இழையில், துளையிலிருந்து துளைக்குப் போட வேண்டும். எல்லாப் பெருக்கல் தையலும் முடிந்த பிறகு கடைசியாகப் போடுங்கள், முன்னாலேயே போட்டால் பக்கத்துத் தையல் அதன் மேல் ஏறி மறைத்துவிடும். சில இடங்களில் இந்தக் கோடு கட்டத்தின் குறுக்கே சாய்வாகப் போகிறது. அங்கே தொடங்கும் மூலையையும் முடியும் மூலையையும் பார்த்து ஒரே நீளத் தையலாகப் போட்டுவிடலாம்.

உங்கள் போட்டோவில் பட்டியலின் கடைசி வரிகள் வெட்டுப்பட்டிருக்கின்றன, கோட்டுக்கான நூல் எண் அங்கேதான் இருக்கும். பச்சை எண் மங்கலாகத் தெரிவதால் அதையும் அசல் தாளில் சரிபாருங்கள். 702 என்றால் பக்கத்தில் கெல்லி கிரீன் என்று இருக்கும், 762 என்றால் அது வெளிர் சாம்பல். அடிப்பகுதியை நேராக மேலிருந்து எடுத்து இன்னொரு படம் போட்டால் மிச்ச எண்களுக்கும் ஆங்கர் எண் எழுதித் தருகிறேன்.