எம்பிராய்டரி மெஷின் கடனை எத்தனை மாதத்தில் அடைக்கலாம்?

கேள்வி: "12% வட்டியில் 3 லட்சம் கடன் வாங்கி கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் போடப் போகிறேன். மாதம் 25 ப்ளவுஸ் கூடுதலாக வரும், ஒன்றுக்கு 850 ரூபாய் வாங்கலாம். 14 மாதத்தில் கடன் முடிந்துவிடும்தானே?"

முடியாது, 27 மாதம் ஆகும். நானும் குரோம்பேட்டையில் தையல் கடை வைத்திருப்பவள்தான், கணக்கைச் சொல்கிறேன்.

நூல், பாபின், அடியில் வைக்கும் பேப்பர், கரண்ட், டிசைன் போட்டுத் தருபவருக்குக் கொடுப்பது, துணி பாழானால் ஈடு, எல்லாம் சேர்த்து ஒரு ப்ளவுஸுக்கு 250 போகும் என்று வையுங்கள். 850 வாங்கினாலும் கடனுக்குக் கட்ட மிஞ்சுவது 600தான். 25 ப்ளவுஸுக்கு மாதம் 15,000. இதை வைத்து 3 லட்சத்தை வகுத்தால் 20 மாதம் வரும், ஆனால் வட்டி இருக்கிறதே. குறையும் பாக்கிக்கு வட்டி என்றால் முதல் மாதம் 3,000 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 12,000. அடுத்த மாதம் 2,88,000 பாக்கிக்கு வட்டி 2,880. இப்படியே எழுதிக்கொண்டு போனால் 23வது மாதத்தில்தான் முடிகிறது.

சரி, ஆனால் 25 என்பது முகூர்த்த மாதக் கணக்கு. ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் நம் ஊரில் யார் கல்யாண ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கிறார்கள்? அந்த மூன்று மாதத்திலும் 10 வந்தாலே பெரிது. அப்போது வருடத்துக்கு 255 ப்ளவுஸ், சராசரியாக மாதம் 12,750 ரூபாய். இதில்தான் 27 மாதம் வருகிறது.

அதனால் தவணையை 24 மாதத்துக்குப் போடாதீர்கள். போட்டால் மாதத் தவணை 14,100 சொச்சம், ஆடியில் கையில் வருவதோ 6,000. மீதி 8,000ஐ வீட்டுச் செலவிலிருந்துதான் எடுக்க வேண்டும். 36 மாதமாக வாங்கினால் தவணை 10,000க்குள் வரும், தையும் வைகாசியும் தரும் உபரியில் பாதியை மந்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு மீதியை அசலில் கட்டுங்கள். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். வட்டி 'ஃபிளாட்' என்றால் மேலே சொன்ன கணக்கு எதுவும் செல்லாது, முழு 3 லட்சத்துக்கும் கடைசி வரை வட்டி போடுவார்கள்.

அப்புறம் ஒன்று. இப்போது வெளியே எம்பிராய்டரிக்குக் கொடுத்து வாங்கும் ப்ளவுஸ்களையும் அந்த 25இல் சேர்த்திருக்கிறீர்களா? அவற்றில் ஏற்கெனவே ஒன்றுக்கு 150 லாபம் வருகிறது என்றால் மெஷினால் கூடுவது 450தான், அவற்றுக்கு 600 என்று எழுதாதீர்கள்.

ஒரு வருடம் முழுதாக ஓடியதும் பாக்கியைப் பாருங்கள். கையில் வந்ததையெல்லாம் கட்டியிருந்தால் 1,76,000 அளவில் நிற்க வேண்டும், 2 லட்சத்துக்கு மேல் நின்றால் ஆர்டர் எண்ணிக்கையோ அந்த 250 செலவோ தப்பு.