மூன்று புள்ளி எதை மறைக்கலாம்?

கேள்வி: நீண்ட கட்டுரையிலிருந்து சில வரிகளை மட்டும் மேற்கோள் காட்டும்போது, விட்ட இடத்தில் மூன்று புள்ளி போட்டால் போதுமா?

போதாது. பல்கலைக்கழக ஒப்படைக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தேன். இங்கே வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் மழைநீர்தான் உவர்நீரின் மேல் மிதந்து நம் கிணறுகளுக்கு வருகிறது. அதில் இப்படி ஒரு வாக்கியம்:

“கிணற்றை ஆழப்படுத்தினால் தண்ணீர்த் தட்டுப்பாடு தீரும் என்று சொல்பவர்கள் உண்டு, ஆனால், வலிகாமத்திலும் தீவுப்பகுதியிலும் தோட்டக்காரர் பலர் கண்டபடி, ஆழம் கூடக்கூட அடியிலுள்ள உவர்நீர் மேலேறிவிடும்.”

ஒரு சஞ்சிகை இதை எடுத்து, கீழே என் பெயரையும் போட்டு, பெட்டிச் செய்தியாக்கியது:

“கிணற்றை ஆழப்படுத்தினால் தண்ணீர்த் தட்டுப்பாடு தீரும் ...”

புள்ளிகள் முறையாகவே இருந்தன. ஆனால் நான் மறுத்த கருத்து என் கருத்தாகிவிட்டது. கேட்டபோது, இடம் போதவில்லை என்றார்கள். “ஆழம் கூடக்கூட அடியிலுள்ள உவர்நீர் மேலேறிவிடும்” என்பதும் அதே நீளந்தான். எழுதுபவனுக்கு ஒரு பிரதி அனுப்பக்கூட மனமில்லாத சஞ்சிகைகள், அவன் பெயரை மட்டும் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. அது வேறு கதை.

தமிழில் வாக்கியத்தின் வால்தான் அதன் தீர்ப்பு. இல்லை, முடியாது, என்கிறார்கள், என்பது தவறு: எல்லாம் கடைசியில் வருகின்றன. ஆகவே வாலை வெட்டாதீர்கள். “ஆனால்”, “மட்டும்”, “சில வேளை” போன்றவற்றையும் “-ஆல்” என்று முடியும் நிபந்தனைகளையும் விடாதீர்கள். இடைச்செருகலான விவரங்களை விடலாம்:

“கிணற்றை ஆழப்படுத்தினால் தண்ணீர்த் தட்டுப்பாடு தீரும் என்று சொல்பவர்கள் உண்டு, ஆனால்... ஆழம் கூடக்கூட அடியிலுள்ள உவர்நீர் மேலேறிவிடும்.”

இங்கே போனது இடப்பெயர்களும் சாட்சிகளும். வாதம் அப்படியே நிற்கிறது. உங்கள் ஒப்படை வலிகாமத்தைப் பற்றியது என்றால் அதே பகுதியை விட முடியாது. எதை விடலாம் என்பதை நீங்கள் எதற்காக மேற்கோள் காட்டுகிறீர்கள் என்பதும் தீர்மானிக்கிறது.

மூன்று புள்ளிக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்பார்கள். தாம் சொல்லாத ஒன்றுக்காக ஊர்த் தோட்டக்காரரிடம் பதில் சொல்லி நின்றவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். புள்ளி போட்டதும் மேற்கோளை மூலப் பந்தியோடு ஒருமுறை சேர்த்து வாசியுங்கள். இரண்டும் ஒரே முடிவுக்கு வரவில்லை என்றால் அந்த வெட்டு தவறு.

வேறு வேறு பந்திகளில் உள்ள இரண்டு வாக்கியங்களைப் புள்ளியால் ஒட்டவேண்டாம். தனித்தனி மேற்கோளாகக் கொடுங்கள். மூலத்திலேயே ஆசிரியர் மூன்று புள்ளி வைத்திருந்தால், நீங்கள் வைப்பதைச் சதுர அடைப்புக்குள் [...] என்று போடுங்கள். அப்போதுதான் எது அவருடையது, எது உங்களுடையது என்று தெரியும்.