பிழை திருத்தும் பத்தியை அமைப்பது எப்படி: கேள்வி பதில்

எட்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். பத்து வரிப் பத்தியில் பத்துப் பிழைகளை வைத்து, "பிழை நீக்கி எழுதுக" என்று கொடுத்தேன். பெரும்பாலோர் மூன்றைத்தான் கண்டுபிடித்தார்கள். சரியாக இருந்த சொற்களையும் மாற்றிவிட்டார்கள். எங்கே தவறினேன்?

வரிக்கு ஒரு பிழை என்றால் பத்தியைப் பொருளோடு படிக்க முடியாது. பொருள் புரியாமல் போனால் மாணவர் வாக்கியத்தைப் படிப்பதை விட்டுவிட்டு, சொல் சொல்லாகச் சந்தேகப்படத் தொடங்குவார். சரியான சொற்கள் மாற்றப்பட்டதற்குக் காரணம் அதுவாகவே இருக்கும். உங்கள் பத்துப் பிழைகளில் லகர ளகரம், ரகர றகரம், சந்தி, ஒருமை பன்மை ஆகிய எல்லாமே ஒரு கை இருந்திருக்கும் என்றும் ஊகிக்கிறேன். நானும் முதல் சில ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன்.

இப்போது பத்தியை எழுதுவதற்கு முன் அந்த வகுப்பின் கட்டுரை ஏடுகளைப் புரட்டி, அடிக்கடி வரும் பிழைகளில் இரண்டு வகைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிறகு பிழையே இல்லாத பத்தியை முழுமையாக எழுதிவிட்டு, அதில் சில சொற்களை மட்டும் மாற்றுகிறேன். பிழையோடு சேர்த்தே எழுதினால் வாக்கியம் பிழைக்காக வளைந்துகொடுத்து, படிக்கும்போதே செயற்கையாகத் தெரியும். சென்ற பருவத்தில் கொடுத்த பத்தி இது:

*எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஓர் ஆலமரம் நிற்கிறது. அதன் விழுதுகள் தண்ணீரை தொடும் அளவுக்குத் தாழ்ந்து தொங்குகிறது. சென்ற ஐப்பசியில் அடித்த காற்றில் இரண்டு கிளைகள் முறிந்து கோயில் சுவரில் விழுந்தன. மறுநாள் காலையில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, அந்த கிளைகளை வெட்டி அகற்றினார்கள். கூடு இழந்த கொக்குகள் மட்டும் இருட்டும் வரை அந்த இடத்தையே சுற்றிப் பறந்தது.*

மொத்தம் 42 சொற்கள், நான்கு பிழைகள். "தண்ணீரைத் தொடும்", "அந்தக் கிளைகளை" என்னும் இரண்டும் வல்லினம் மிக வேண்டிய இடங்கள். "விழுதுகள் தொங்குகின்றன", "கொக்குகள் பறந்தன" என்னும் இரண்டும் எழுவாயோடு பயனிலை பொருந்த வேண்டிய இடங்கள்.

இந்த இரண்டு வகைகளும் மாணவரிடம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. "அந்தக் கிளை" என்பதில் உள்ள ஒற்று நாம் பேசும்போதே வாயில் வருகிறது. ஆகவே பத்தியை ஒரு முறை உரக்கப் படித்தால் பாதிப் பேர் அந்தப் பிழையைக் காதாலேயே பிடித்துவிடுவார்கள். பன்மை வினை அப்படியல்ல. பேச்சில் "கொக்குங்க பறந்துச்சு" என்றுதான் சொல்கிறோம். "பறந்தன" என்னும் வடிவம் பேச்சில் வருவதேயில்லை. அதனால் "கொக்குகள் பறந்தது" என்பதைக் காது ஒப்புக்கொண்டுவிடும். எழுவாயைத் தேடி எடுத்து வினையோடு வைத்துப் பார்க்கிறவர் மட்டுமே அதைக் கண்டுபிடிப்பார். எந்தப் பிழை காதுக்கு எட்டும், எது எட்டாது என்று பிரித்துக்கொண்டால், எளிய பத்தியையும் கடினமான பத்தியையும் நாமே அளந்து அமைக்கலாம்.

இன்னொரு திருகாணியும் உண்டு. "கொக்குகள் பறந்தது" என்று அடுத்தடுத்து இருந்தால் கண்ணில் படும். இந்தப் பத்தியில் இரண்டுக்கும் இடையில் ஆறு சொற்கள் இருக்கின்றன. விழுதுகளுக்கும் தொங்குவதற்கும் இடையில் நான்குதான். விழுதைக் கண்டுபிடித்தவர்களில் பலர் கொக்கைக் கோட்டைவிட்டார்கள்.

மூன்றாவது வாக்கியத்தில் பிழையே இல்லையே? விட்டுப்போயிற்றா, வேண்டுமென்றே விட்டீர்களா?

வேண்டுமென்றேதான். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு பிழை வைத்தால், இரண்டாவது பயிற்சியிலேயே பிள்ளைகள் அந்தக் கணக்கைப் பிடித்துவிடுவார்கள். அதனால் முதல் வாக்கியமும் மூன்றாவது வாக்கியமும் சுத்தமானவை; இரண்டாவதில் மட்டும் இரண்டு பிழைகள்.

ஆனால் மூன்றாவது வாக்கியம் சும்மா இருக்கவில்லை. "அடித்த காற்றில்", "இரண்டு கிளைகள்", "முறிந்து கோயில்" ஆகிய மூன்று இடங்களிலும் ஒற்று மிகாது. ஒற்று விடுபட்டதைத்தான் தேட வேண்டும் என்று ஊகித்தவர், ககரத்தைப் பார்த்த இடமெல்லாம் "க்" போட்டுவிடுவார். "அடித்தக் காற்றில்" என்று எழுதியவர் பெயரெச்சத்துக்குப் பின் மிகாது என்பதை அறியவில்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிடும். கடைசி வாக்கியத்தில் உள்ள "அந்த இடத்தையே" என்பதும் அதற்காகத்தான். "அந்த" என்ற சொல்லைக் கண்டதுமே ஒற்றுப் போடுகிறாரா, அடுத்த எழுத்தைப் பார்க்கிறாரா என்பதை அது காட்டிக்கொடுக்கும். பிழைகளின் எண்ணிக்கைக்குக் குறையாமல் இத்தகைய இடங்களும் இருப்பது நல்லது.

ஆசிரியர் பயிற்சி மாணவி நான். தவறான வடிவத்தைக் கண்ணில் காட்டினால் அதுவே மனத்தில் பதிந்துவிடும், ஆகவே இந்தப் பயிற்சியே கூடாது என்று எங்களுக்குச் சொன்னார்கள்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு "பள்ளி" என்பதைப் "பல்லி" என்று அச்சிட்டுக் காட்டக் கூடாது. அந்தச் சொல்லின் உருவமே அவருக்கு இன்னும் நிலைபெறவில்லை. இந்தப் பயிற்சி, சரியான வடிவத்தை ஏற்கெனவே அறிந்திருந்தும் எழுதும்போது தவறவிடுகிறவர்களுக்கானது. "கொக்குகள் பறந்தது" என்பதை எட்டாம் வகுப்பு மாணவர் நம் தாளில் முதன்முதலாகப் பார்க்கப் போவதில்லை; அவரே நேற்று எழுதியதுதான். அவர் ஒருபோதும் செய்யாத பிழையைப் புதிதாகப் புனைந்து வைத்தால்தான் நீங்கள் சொல்லும் ஆபத்து வரும். திருத்தி முடித்தபின் முழுப் பத்தியையும் பிழையின்றி ஒரு முறை எழுதச் செய்வதும் அதற்காகத்தான். கடைசியாகக் கையில் நிற்பது சரியான வடிவமாக இருக்க வேண்டும்.

என் மகன் ஏழாம் வகுப்பு. கட்டுரை ஏடு முழுக்கப் பிழை. ஒவ்வொரு பிழையையும் எத்தனை முறை எழுதச் சொல்லலாம்? பத்து முறை போதுமா?

இங்கே பேசிக்கொண்டிருப்பது ஆசிரியர் தாமே பிழை வைத்துக் கொடுக்கும் தாளைப் பற்றி, ஐயா. ஆனாலும் உங்கள் ஏடு எனக்குப் பயன்படும் ஏடுதான். பத்து முறை எழுதச் சொல்வதற்குப் பதிலாக, அவருடைய கட்டுரையிலிருந்து ஐந்து வாக்கியங்களை எடுத்து, மூன்றைத் திருத்தி, இரண்டை அப்படியே விட்டு, வேறு தாளில் எழுதி இரண்டு வாரம் கழித்துக் கொடுங்கள். தம் எழுத்து என்பது மறந்திருக்கும், பிழை தெரியும்.

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். "மாடு மேய்ந்தன" என்பதைப் பிழையாக வைத்த ஒரு தாளைப் பார்த்தேன். மாடு பால்பகா அஃறிணைப் பெயர். மாடு மேய்ந்தது, மாடு மேய்ந்தன இரண்டும் சரி. இதை யார் சொல்வது?

நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி ஐயா. "கள்" விகுதி இல்லாத அஃறிணைப் பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொது என்பதால், அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றுமில்லை. பிழை வைக்கும் பெயரில் "கள்" இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

உங்கள் கேள்வியின் மறுபக்கம் என்னையும் மடக்கியது. "அதன் விழுதுகள் தொங்குகிறது" என்பதை ஒரு மாணவி "அதன் விழுது தொங்குகிறது" என்று திருத்தியிருந்தார். வினையைத் தொடாமல் பெயரை மாற்றிவிட்டார்; வாக்கியம் சரியாகிவிட்டது. ஆலமரத்துக்கு ஒரே விழுதா என்று கேட்கலாம், ஆனால் அது இலக்கணக் கேள்வியாகாது. முழு மதிப்பெண் கொடுத்தேன். ஒரு பிழைக்கு இரண்டு திருத்தங்கள் பொருந்தும் என்று முன்கூட்டியே தெரிந்தால் விடைக்குறிப்பில் இரண்டையும் எழுதி வைக்க வேண்டும், அல்லது "இரண்டு கிளைகள்" என்பதைப் போல எண்ணைச் சேர்த்து ஒரு வழியை அடைத்துவிட வேண்டும்.

பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். "நாட்கள்" என்பதைப் பிழையாக வைத்து "நாள்கள்" என்று திருத்தச் சொல்லலாமா?

வைக்காதீர்கள். நாட்கள் தவறு என்பவர்களும், ளகரத்தின் பின் ககரம் வரும்போது டகரமாவது இயல்பான புணர்ச்சிதான் என்பவர்களும் இருக்கிறார்கள். நாளிதழ்களில் இரண்டையும் பார்க்கலாம். அறிஞர்களே உடன்படாத இடத்தில் மாணவரிடம் மதிப்பெண் பிடுங்குவது நியாயமாகாது. "முயற்சித்தான்" என்பதையும் அதே காரணத்தால் விலக்கிவிடுகிறேன். என் பத்தியின் முதல் படியில் கொக்குகள் "பல நாள்கள்" சுற்றிப் பறந்தன. அதை "இருட்டும் வரை" என்று மாற்றியது இந்தத் தகராறைத் தவிர்க்கத்தான்.

டொரொன்டோவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறேன். யாழ்ப்பாணக் குடும்பங்களும் தமிழ்நாட்டுக் குடும்பங்களும் கலந்த வகுப்பு. இதே பத்தியைக் கொடுக்கலாமா?

சந்திப் பிழைகளும் பன்மைப் பிழைகளும் இரு சாராருக்கும் பொதுவானவை, கொடுக்கலாம். பிறமொழிச் சொற்களின் எழுத்தில் மட்டும் பிழை வைக்க வேண்டாம். உங்கள் ஊரின் பெயரையே நீங்கள் ஒரு விதமாக எழுதியிருக்கிறீர்கள். ஈழத்து இதழ்கள் "ரொறன்ரோ" என்று எழுதுகின்றன. இரண்டில் எது பிழை என்று ஒரு வகுப்பில் கேட்டால் பாதிப் பிள்ளைகளின் வீட்டு வழக்கைப் பிழை என்று சொன்னதாகிவிடும். இன்னொன்று, வீட்டில் தமிழ் குறைவாகப் பேசும் பிள்ளைக்கு நான் மேலே சொன்ன காதின் உதவி கிடைக்காது. அவருக்கு "அந்தக் கிளை" என்பதும் கடினமான பிழைதான். இரண்டு பிழைகளோடு தொடங்குங்கள்.

எத்தனை பிழைகள் இருக்கின்றன என்று தாளில் சொல்ல வேண்டுமா? மதிப்பெண் எப்படிப் பிரிப்பது?

"நான்கு பிழைகள் உள்ளன" என்று எழுதினால், நான்கை எண்ணி முடித்ததும் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அவற்றில் இரண்டு தவறான ஊகமாக இருந்தாலும் கவலைப்படுவதில்லை. எண்ணையே சொல்லாவிட்டால் கண்டதையெல்லாம் திருத்துகிறார்கள். "மூன்றுக்குக் குறையாமலும் ஆறுக்கு மிகாமலும்" என்று எழுதிப் பார்க்கிறேன். ஓரளவு பலன் இருக்கிறது. என்னுடன் பணிபுரியும் ஒருவர் எண்ணைச் சொல்லியே தீர வேண்டும் என்கிறார், மெல்லக் கற்கும் பிள்ளைகள் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சோர்ந்துவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். அதை என்னால் மறுக்க முடியவில்லை.

மதிப்பெண்ணில், பிழையை அடிக்கோடிட்டதற்கு ஒன்றும் சரியாகத் திருத்தியதற்கு ஒன்றும் தருகிறேன். அடிக்கோடு சரியாக இருந்து திருத்தம் தவறினாலும் கண்டுபிடித்த பலன் கிடைக்க வேண்டும். சரியான சொல்லைக் கெடுத்தால் அரை மதிப்பெண் குறையும், ஆனால் மொத்தம் பூச்சியத்துக்குக் கீழே போகாது. இந்தக் கழிவு இல்லாவிட்டால் எல்லாச் சொற்களையும் அடிக்கோடிடுவதே சிறந்த உத்தியாகிவிடும்.

தாள் தயாரிக்கும்போது வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

தட்டச்சு செய்பவரை. ஒரு முறை கையெழுத்துப் படியைக் கடையில் கொடுத்தேன். தட்டச்சு செய்தவர் நல்ல தமிழ் அறிந்தவர், "அந்த கிளைகளை" என்பதை அக்கறையோடு திருத்திவிட்டார். அதோடு "தாழ்ந்து" என்பது "தாழ்த்து" என்று அச்சாகிவிட்டது. நான் வைத்த பிழை போய், நான் வைக்காத பிழை வந்து சேர்ந்தது. வகுப்பில் ஒரு பையன் அதைக் கண்டுபிடித்து எழுந்து நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து சுத்தமான பத்தியையும் பிழைப் பத்தியையும் தனித்தனிக் கோப்புகளாக நானே தட்டச்சு செய்து, அச்சிட்ட தாளை இரண்டோடும் சொல் சொல்லாக ஒப்பிட்டபின்தான் ஜெராக்ஸுக்குக் கொடுக்கிறேன். விடைக்குறிப்பைக் காட்டாமல் சக ஆசிரியர் ஒருவரிடமும் தாளைக் கொடுத்துத் திருத்தச் சொல்கிறேன். அவர் ஐந்தாவதாக ஒன்றைச் சுட்டிக்காட்டினால் தாள் மேசைக்குத் திரும்பி வருகிறது.